பால் குடித்தே களைக்கும் குழந்தை

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை தாய்ப்பால் குடிக்கும். ஒருமுறை குடிப்பது 10 நிமிடத்தில் முடியலாம், 40 நிமிடமும் ஆகலாம். இரவில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை விழிப்பதும், மாலை வேளையில் சில மணி நேரம் விட்டுவிட்டுக் குடித்துக்கொண்டே இருப்பதும் நலமான குழந்தைகளிடமே உண்டு. கவனிக்க வேண்டிய நிலை இதிலிருந்து வேறுபட்டது. குழந்தை ஏறக்குறைய ஒரு மணி நேரம் மார்பில் இருக்கிறது, பாதியிலேயே உறங்கிப்போகிறது, கிடத்திய சிறிது நேரத்தில் பசித்து அழுகிறது. மறுபடி ஒரு மணி நேரம். பகலும் இரவும் இதே சுற்று. குழந்தையின் எடை மெதுவாக ஏறுகிறது, தாயின் காம்பு புண்ணாகிறது, வீட்டில் யாரும் தொடர்ந்து தூங்குவதில்லை. "பால் பத்தலை" என்று வீட்டிலுள்ளோர் முடிவுகட்டுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ஆனால் மார்பில் பால் இருந்தும் அது குழந்தையின் வயிற்றுக்குப் போய்ச் சேராத நிலையும் உண்டு. குழந்தை சரியாக வாய் வைக்காதது அதற்கு முதல் காரணம். வாய் வைக்க முடியாதபடி நாக்கு கட்டுண்டு கிடப்பது, சில குழந்தைகளிடம், அந்தக் காரணத்துக்கும் காரணம்.

குழந்தை காம்பை ஈறுகளால் அழுத்திப் பாலைப் பிழிகிறது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் டோனா கெடஸும் அவருடைய குழுவினரும், பால் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தைகளின் வாயை அல்ட்ராசவுண்ட் மூலம் படம் பிடித்து 2008இல் வெளியிட்ட ஆய்வு அந்தக் கருத்தை மாற்றியது. நாக்கு மேலே எழுந்து காம்பை அண்ணத்தோடு சேர்த்துப் பிடிக்கிறது. பிறகு நாக்கின் நடுப்பகுதியும் பின்பகுதியும் கீழே இறங்குகின்றன. அப்போது வாய்க்குள் காற்றழுத்தம் குறைந்து உறிஞ்சல் உண்டாகிறது. பால் பாய்வது நாக்கு இறங்கும் அந்தக் கணத்தில்தான். ஆகவே குழந்தைக்கு இரண்டு வசதிகள் தேவை. காம்பு வாய்க்குள் ஆழமாக, கடின அண்ணம் முடிந்து மென்மையான அண்ணம் தொடங்கும் இடத்துக்கு அருகே போயிருக்க வேண்டும். நாக்கு தடையின்றி எழவும் இறங்கவும் வேண்டும்.

காம்பின் நுனியை மட்டும் பற்றிய குழந்தைக்கு முதலாவது வசதி இல்லை. காம்பு கடின அண்ணத்துக்கும் நாக்குக்கும் இடையில் நசுங்குகிறது. தாய்க்கு அது தாங்க முடியாத வலி. குழந்தை வாயை எடுக்கும்போது காம்பு உருண்டையாக இல்லாமல் ஒருபக்கம் சாய்வாகத் தட்டையாகியிருக்கும், சில வேளை நுனியில் வெள்ளைக் கோடு தெரியும். உறிஞ்சல் வலுவற்றதால் காற்று புகுந்து 'டக் டக்' என்ற ஒலி கேட்கும். வாயோரம் பால் வழியும், விழுங்கிய காற்றால் வயிறு உப்பிக் குழந்தை நெளியும்.

இந்த அரைகுறை உறிஞ்சல் எப்படி உறக்கத்தைக் கெடுக்கிறது என்பதற்குப் பாலூட்டலின் முதல் சில நிமிடங்களைப் பார்க்க வேண்டும். குழந்தை சப்பத் தொடங்கியதும் தாயின் உடலில் ஆக்ஸிடோசின் சுரந்து, பால் தானாகவே பீறிட்டு இறங்குகிறது. அந்தப் பாலைப் பெற அதிகம் உழைக்க வேண்டியதில்லை, பலவீனமாகச் சப்பும் குழந்தைக்கும் அது கிடைத்துவிடும். அதன் பின் வருவதை உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். நாக்கு சரியாக வேலை செய்யாத குழந்தை இந்த இடத்தில் களைத்துவிடுகிறது. கண் சொருகுகிறது, தாடை மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருக்கிறது, விழுங்குவதில்லை. இப்படிச் சப்பிக்கொண்டிருப்பதே குழந்தையின் குடலிலிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனைத் தூண்டுகிறது, அது உறக்கம் தரும். அந்த மயக்கம் விரைவில் தெளிந்துவிடும். மார்பிலேயே உறங்கிய குழந்தை வயிறு நிறைந்து உறங்கியது என்று சொல்லிவிட முடியாததற்குக் காரணம் இதுதான். படுக்கையில் கிடத்தியதும் விழித்து அழுகிற குழந்தையைக் "கைப்பழக்கம் ஆயிருச்சு" என்று குறை சொல்வது பல நேரங்களில் அநியாயம். அதற்குப் பசி.

தாயின் பக்கம் இன்னொரு மாற்றம் சத்தமின்றி நடக்கிறது. முதல் வாரங்களில் பால் சுரப்பைப் பெரிதும் நடத்துவது பிரசவத்துக்குப் பிந்தைய ஹார்மோன்கள். நாளாக நாளாக, எவ்வளவு பால் வெளியே எடுக்கப்படுகிறதோ அவ்வளவே சுரக்கும் என்ற நிலைக்கு மார்பு மாறுகிறது. பால் தேங்கிய மார்பு உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் முதல் இரண்டு மூன்று வாரம் ஓரளவு ஓடிய குழந்தையின் எடை அதன்பின் தேங்கிவிடுவது உண்டு. பால் உண்மையாகவே குறைவது அப்போதுதான், அதுவும் சரியாக எடுக்கப்படாததன் விளைவாக.

ஆகவே பார்க்க வேண்டியது கடிகாரத்தைவிட விழுங்கலை. நன்றாகக் குடிக்கும் குழந்தையின் தாடை கீழே இறங்கி, வாய் அகலத் திறந்த நிலையில் ஒரு கணம் நின்று, பிறகு மூடும். அந்த நிற்றல்தான் வாயில் பால் நிரம்பும் நேரம். பால் பாயும்போது ஒன்று அல்லது இரண்டு சப்பலுக்கு ஒருமுறை மெல்லிய 'க்' ஒலியோடு விழுங்கும். வேகமான சிறு சப்பல்கள் மட்டும் தொடர்ந்தால் பால் வரவில்லை. அடுத்த அளவுகோல் அணையாடை. ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் குறைந்தது ஆறு முறை நன்றாக நனையும்படி சிறுநீர் கழிக்க வேண்டும். முதல் மாதத்தில் மஞ்சள் நிற மலமும் மூன்று முறையாவது போகும். மூன்றாவது எடை. பிறந்த சில நாள்களில் பிறப்பெடையில் 7 சதவீதம் வரை குறைவது சாதாரணம், 10 சதவீதத்தை நெருங்கினால் உடனே பாலூட்டலைப் பரிசோதிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறப்பெடை திரும்பிவிட வேண்டும். அதன்பின் மூன்று மாதம் வரை நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் கூட வேண்டும். விழுங்கலும் ஈர அணையாடையும் எடையும் சரியாக இருந்து, அடிக்கடி விழிப்பது மட்டுமே குறை என்றால், அது அந்த வயதின் இயல்பு. நாக்கில் குற்றம் தேட வேண்டியதில்லை.

இனி நாக்கு. எல்லோருடைய நாக்கின் அடியிலும் சவ்வு உண்டு. அது தனியே ஒட்டிய ஒரு நூல் என்ற எண்ணம் தவறு. நியூசிலாந்தின் நிக்கி மில்ஸும் அவருடன் ஆய்ந்தவர்களும் 2019இல் காட்டியபடி, வாயின் அடித்தளத்திலுள்ள இணைப்புத்திசுப் படலமே நாக்கு உயரும்போது மடிப்பாக எழுந்து சவ்வாகத் தெரிகிறது. அந்த மடிப்பு எங்கே பற்றுகிறது, எவ்வளவு நீளம், எவ்வளவு தடிப்பு என்பது ஆளுக்கு ஆள் மாறும். சவ்வு தெரிவதாலேயே அது நோய் ஆகிவிடாது. அதனால் நாக்கின் அசைவு தடைப்படும்போதுதான் அதற்கு நாக்கு ஒட்டு என்று பெயர். நாக்கு ஒட்டின் தோற்றம் உள்ள குழந்தைகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே பால் குடிப்பதில் சிரமம் வருகிறது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2024இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

குழந்தை அழும்போது நாக்கு எங்கே இருக்கிறது என்பது நல்ல அடையாளம். தடையில்லாத நாக்கு வாயின் பாதி உயரத்துக்காவது எழும். கட்டுண்ட நாக்கு தரையோடு கிடக்கும், ஓரங்கள் மட்டும் உயர்ந்து நடுவில் குழிவிழும். நுனியில் இதய வடிவில் ஒரு பள்ளம் தெரியலாம். கீழ் ஈறைத் தாண்டி நாக்கு வெளியே வர வேண்டும். ஈறின் ஓரத்தில் விரலை மெல்ல நகர்த்தினால் நாக்கு அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். பரிசோதிப்பவர் கழுவிய விரலை வாயில் வைத்தால் நாக்கு அதைச் சுற்றிக் குழிந்து பிடிக்க வேண்டும், ஈறு விரலைக் கடித்துக் கடித்து விடுவது நல்ல குறி அல்ல. புகைப்படத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்பவரை நம்பக் கூடாது. பாலூட்டலை ஒருமுறை தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்காமல் நாக்கு ஒட்டு என்று உறுதி செய்வதும் சரியல்ல.

ஏனெனில் வாய் வைக்கும் முறையைத் திருத்தினாலே பல குழந்தைகளுக்குச் சரியாகிவிடுகிறது. பாஸ்டனில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், நாக்கு ஒட்டு அறுவைக்காக அனுப்பப்பட்ட 115 பச்சிளங்குழந்தைகளைப் பல துறையினர் சேர்ந்து பாலூட்டலோடு பரிசோதித்தனர். அவர்களில் 63 சதவீதம் பேருக்கு அறுவையே செய்யப்படவில்லை. பால் கட்டி மார்பு கல்லாகியிருப்பது, சில வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தையின் சோர்வு, கழுத்து ஒருபக்கம் இறுகியிருப்பது, கைகால்களைத் துணியில் இறுக்கச் சுற்றியபடி பாலூட்டுவது எல்லாமே நாக்கு ஒட்டைப் போலவே தோற்றம் காட்டும்.

திருத்தம் பெரிய வித்தை இல்லை, ஆனால் பொறுமை வேண்டும். குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும், காதும் தோளும் இடுப்பும் ஒரே கோட்டில் வர வேண்டும், பால் குடிக்கக் கழுத்தைத் திருப்ப வேண்டிய நிலை இருக்கக் கூடாது. தாயின் கை குழந்தையின் பின்மண்டையைத் தள்ளாமல் பிடரிக்கும் தோளுக்கும் தாங்கலாக இருக்க வேண்டும். தலையைத் தள்ளினால் குழந்தை எதிர்த்துப் பின்னால் வளையும், முகவாய் மார்பை விட்டு விலகிவிடும். தொடக்கத்தில் காம்புக்கு நேராகக் குழந்தையின் மூக்கு இருக்கட்டும். காம்பு மேலுதட்டைத் தொட்டதும் குழந்தை தலையைச் சற்றே அண்ணாந்து வாயை அகலமாகத் திறக்கும். அந்த நொடியில் குழந்தையை மார்பை நோக்கி அணைத்தால் முகவாய் முதலில் அழுந்தும், கீழுதடு காம்பிலிருந்து தள்ளியே பற்றும், கருவட்டத்தின் கீழ்ப்பகுதி மேற்பகுதியைவிட அதிகமாக வாய்க்குள் போகும். மூக்கு தானே விலகி நிற்கும். முதல் அரை நிமிடம் கடந்தும் வலி நீடித்தால் பிடி சரியில்லை. கடைவாயில் சுண்டுவிரலை நுழைத்து உறிஞ்சலை விடுவித்து, மறுபடி வைக்க வேண்டும். சாய்ந்து படுத்த நிலையில் குழந்தையை மார்பின்மீது குப்புறக் கிடத்திப் பாலூட்டினால், நாக்கும் முகவாயும் தம் எடையால் முன்னே வரும். நாக்கு ஓரளவு ஒட்டிய குழந்தைக்கு இந்த நிலை குறிப்பாக உதவும்.

விளக்கத்துக்காக ஒரு குழந்தையின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பிறப்பெடை 2.9 கிலோ. நான்காம் நாள் 2.69 கிலோ. 21ஆம் நாள் 2.96 கிலோ. பிறப்பெடை திரும்பிவிட்டது என்று ஆறுதல் கொள்ளலாம் போலிருக்கும். ஆனால் 17 நாளில் 270 கிராம் என்றால் நாளுக்கு 16 கிராம்தான். ஒருமுறை பாலூட்ட 50 நிமிடம் ஆகிறது, அடுத்ததற்கு முன் 60 நிமிட இடைவெளி. 24 மணி நேரத்தில் 13 முறை, ஏறத்தாழ 11 மணி நேரம் மார்பிலேயே போகிறது. அந்த 60 நிமிடத்தில் ஏப்பம் விடவைத்து, துணி மாற்றி, கிடத்திய பிறகு தாய்க்கு மிஞ்சுவது முக்கால் மணி நேரத் தூக்கம்.

இந்தக் குழந்தையைப் பாலூட்டலுக்கு முன்னும் பின்னும் அதே துணியோடு நுட்பமான தராசில் நிறுத்திப் பார்த்தால், முதல் 10 நிமிடத்தில் 20 கிராம், மீதி 40 நிமிடத்தில் வெறும் 8 கிராம் என்று வருகிறது. ஆக ஒரு வேளைக்கு 28 மில்லி, நாளுக்கு 364 மில்லி. கிலோவுக்கு 150 மில்லி என்ற வழக்கமான கணக்கில் தேவை 444 மில்லி. பற்றாக்குறை 80 மில்லி. ஒரே ஒரு வேளை நிறுத்துப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, நலமான குழந்தையும் வேளைக்கு வேளை வெவ்வேறு அளவு குடிக்கும். ஒரு நாளின் சில வேளைகளை நிறுத்தால்தான் உண்மை தெரியும்.

இப்போது செய்ய வேண்டியது, பயனற்ற அந்த 40 நிமிடத்தைக் குறைப்பது. நாளுக்கு 10 முறை, ஒவ்வொரு முறையும் 25 நிமிடம் மட்டும் மார்பு. குழந்தை விழுங்குவதை நிறுத்தி வெறுமனே சப்பத் தொடங்கியதும், தாய் விலா எலும்புப் பக்கம் மார்பைக் கையால் அழுத்திப் பிடித்தால் பால் பீறிட்டுக் குழந்தை மறுபடி விழுங்கும். சப்பல் நின்றதும் கையைத் தளர்த்த வேண்டும். இப்படிக் குறைந்த நேரத்தில் அதே 28 மில்லி கிடைக்கிறது. அதன்பின் பீய்ச்சி வைத்த பால் 20 மில்லியைப் பாலாடையில் கொடுத்தால் வேளைக்கு 48, நாளுக்கு 480 மில்லி. தமிழ்நாட்டு வீடுகளில் சங்கும் பாலாடையும் எப்போதும் உண்டு. பச்சிளங்குழந்தைப் பிரிவுகளும் பாலாடையை இன்று வரை பயன்படுத்துகின்றன. சுடுநீரில் கொதிக்க வைத்து எடுத்து, குழந்தையை நிமிர்த்தி வைத்து, பாலைத் தொண்டைக்குள் ஊற்றாமல் உதட்டில் தொடும்படி பிடித்துக் குழந்தையே உறிஞ்சிக் குடிக்க விட வேண்டும். பாலூட்டலும் பாலாடையும் சேர்ந்து 35 நிமிடம், ஒரு நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. இடைவெளி 60 நிமிடத்திலிருந்து ஏறத்தாழ 110 நிமிடமாகிறது. உறக்கம் நீள்வது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது, நாக்கைத் தொடுவதற்கு முன்பே.

மார்பில் தேங்கிய பாலை ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் 10 நிமிடம் பீய்ச்சி எடுப்பது சுரப்பைக் காக்கும். இது தாயின் ஓய்வைத் தின்னும் வேலை. அதனால் பாலாடையில் கொடுப்பதை வீட்டில் இன்னொருவர் ஏற்க வேண்டும், இரவில் ஒரு வேளையாவது பீய்ச்சாமல் தாய் உறங்க வேண்டும். பீய்ச்சிய பால் போதாதபோது தாய்ப்பால் வங்கிப் பாலோ, மருத்துவர் சொல்லும் அளவில் புட்டிப்பால் மாவோ கொடுப்பது குற்றமில்லை. குழந்தையின் வயிறு முதலில் நிறைய வேண்டும். சர்க்கரைத் தண்ணீரும் தேனும் கூடாது, ஒரு வயதுக்குள் தேன் ஆபத்தானது. வசம்பை உரைத்து நாக்கில் தடவுவதாலும் சவ்வு தளராது.

28ஆம் நாள் அந்தக் குழந்தை 3.15 கிலோ என்றால் ஒரு வாரத்தில் 190 கிராம், நாளுக்கு 27 கிராம். நிலை திருத்தப்பட்டதால் மார்பிலிருந்தே 40 மில்லி வருகிறது. ஆனாலும் சில சப்பலுக்கு ஒருமுறை பிடி வழுக்குகிறது, காம்பு இன்னும் தட்டையாகிறது, நாக்கு கீழ் ஈறைத் தாண்டவில்லை. நாக்கு ஒட்டை விடுவிப்பது பற்றிப் பேச வேண்டிய நேரம் இதுதான். முறையான உதவி கிடைத்தும் சிரமம் நீடிக்கிறது, நாக்கின் அசைவும் குறைந்திருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் மட்டுமே கத்தரிக்குப் பொருள் உண்டு.

செய்முறை சிறியது. முதலில் வைட்டமின் கே ஊசி போடப்பட்டதா, குடும்பத்தில் ரத்தம் உறையாத நோய் உண்டா என்று கேட்கப்படும். குழந்தையைத் துணியில் சுற்றி, நாக்கை உயர்த்திப் பிடித்து, மழுங்கிய முனையுள்ள கத்தரியால் மெல்லிய சவ்வில் சில மில்லிமீட்டர் வெட்டுவார்கள். சில நொடிகளில் முடியும், சில துளி ரத்தம் வரும், பஞ்சுத்துணியால் அழுத்தினால் நிற்கும், உடனே தாயிடம் பால் குடிக்கக் கொடுப்பார்கள். அடுத்த சில நாள் அந்த இடத்தில் வெண்மஞ்சள் திட்டு தெரியும், அது சீழ் அல்ல, ஆறும் புண். ரத்தப்போக்கு, தொற்று, உமிழ்நீர்க் குழாயில் காயம், சவ்வு மறுபடி ஒட்டுவது ஆகியவை அரிது என்றாலும் உண்டு. லேசர் கத்தரியைவிட மேலானது என்பதற்கு ஆதாரம் இல்லை. மேலுதட்டுச் சவ்வையும் கன்னத்துச் சவ்வையும் சேர்த்து வெட்டச் சொன்னால் மறுப்பதே நல்லது, கன்னச் சவ்வை வெட்டக் கூடாது என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2020ஆம் ஆண்டு ஒருமித்த அறிக்கையே கூறுகிறது. வெட்டிய புண்ணைத் தினமும் பலமுறை விரலால் இழுத்துவிடும் பயிற்சிக்கும் வலுவான சான்று கிடையாது. வாயில் எதை வைத்தாலும் வெறுக்கும்படி அது குழந்தையைப் பழக்கிவிடக்கூடும்.

என்ன பலன் எதிர்பார்க்கலாம்? 2017இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு ஐந்து ஆய்வுகளிலிருந்து 302 குழந்தைகளைத் தொகுத்துப் பார்த்தது. தாயின் காம்பு வலி குறுகிய காலத்தில் குறைகிறது என்பது தெரிந்தது. குழந்தை பால் குடிக்கும் திறன் சீராக மேம்படுகிறது என்பது எல்லா ஆய்வுகளிலும் உறுதிப்படவில்லை. உறக்கத்துக்காக மட்டும் சவ்வை வெட்டுவதற்கு இதில் நியாயம் இல்லை. உறக்கம் மேம்படுவது வயிறு நிறைவதன் வழியாக, அதுவும் நாக்கு புதிய அசைவைப் பழகிய பிறகு.

மேலே சொன்ன குழந்தைக்கு 30ஆம் நாள் சவ்வு விடுவிக்கப்பட்டது என்று வைத்துக்கொண்டால், தாயின் வலி முதல் வேளையிலேயே குறையலாம். பால் எடுக்கும் அளவு மெல்லத்தான் ஏறும். இரண்டு வாரத்தில் 20 நிமிடத்துக்கு 55 மில்லி, நாளுக்குப் பத்து வேளை என்று வந்துவிட்டால், 3.6 கிலோ குழந்தையின் தேவையான 540 மில்லி மார்பிலிருந்தே கிடைத்துவிடும். அப்போது பாலாடையை வேளைக்கு 5 மில்லியாகக் குறைத்துக்கொண்டே போய் நிறுத்தலாம், வாரம் ஒருமுறை எடை பார்த்தபடி. இரவில் ஒரு தொடர்ச்சியான மூன்று மணி நேரத் தூக்கம் இந்த வயதுக்கு நல்ல தூக்கம். நாள் முழுதும் மூன்று நான்கு முறைக்கு மேல் சிறுநீர் கழிக்காதது, பாலுக்குக்கூட எழுப்ப முடியாத மந்தம், குடிக்கும்போது நீலம் பாரிப்பது அல்லது மூச்சுத் திணறுவது, பால் குடிக்கையில் நெற்றி வியர்த்து வேகமாக மூச்சு வாங்குவது ஆகியவை இந்தக் கணக்குகளுக்குள் அடங்காதவை. இதய நோயும் கிருமித் தொற்றும்கூடக் குழந்தையை மார்பில் களைக்கச் செய்யும். அத்தகைய குழந்தையை அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.